பி.ஓ. வந்த நாளா, ட்ராயிங் அப்ரூவல் ஆன நாளா?

"ராணிப்பேட்டை சிப்காட்டுல ரியாக்டர், டேங்க் செய்யுற ஃபேப்ரிகேஷன் கம்பெனியில பிளானிங் பாக்குறேன். எந்த ஆர்டரும் சொன்ன தேதிக்குப் போறதில்ல. சேல்ஸ் டிசைனைக் கைகாட்டுது, டிசைன் சேல்ஸைக் கைகாட்டுது. யார் மேல தப்புன்னு ரிப்போர்ட் குடுன்னு எம்.டி. சொல்லிட்டாரு. எப்படி எழுதுறது சார்?"

ரிப்போர்ட்டில் தப்பு இவர் மேல் என்று ஆள் பெயரும் வேண்டாம், டிபார்ட்மென்ட் பெயரும் வேண்டாம். அனுப்பி முடித்த ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த நாளில் யார் மேஜையில் இருந்தது என்று முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எழுதுங்கள். பத்து ஆர்டரின் சராசரி வேண்டாம், ஒன்று போதும். சராசரி போட்டால் ஆளாளுக்கு ஒரு விதிவிலக்கு சொல்லித் தப்பிப்பார்கள். ஒரே ஆர்டரின் தேதிகளைப் பக்கத்தில் மெயில் ஆதாரத்தோடு வைத்தால் பேச்சு அங்கேயே வேறு மாதிரி ஆகிவிடும். இதை நானே செய்து பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஊர்க் கம்பெனிகளில் இந்தச் சண்டை ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ராணிப்பேட்டையைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளில் நிறைய பேர் பெல் கம்பெனியின் பாய்லர் ஆக்ஸிலரி தொழிற்சாலைக்கு ஜாப் ஒர்க் செய்து வளர்ந்தவர்கள். அந்த வேலையில் ட்ராயிங் அங்கிருந்தே வரும், பல சமயம் பிளேட்டும் வரும். நாம் வெட்டி, வெல்டிங் பண்ணி, இன்ஸ்பெக்‌ஷன் காட்டி அனுப்பினால் போதும். சேல்ஸ் என்று தனியாக ஒரு ஆள் தேவையில்லை, டிசைன் என்று ஒரு ரூமும் தேவையில்லை. பிறகு கெமிக்கல் கம்பெனிகளுக்குச் சொந்த டிசைனில் ரியாக்டர் செய்யத் தொடங்கியபோது இரண்டு டிபார்ட்மென்டும் புதிதாக முளைத்தன. ஆனால் டெலிவரி கணக்கு மட்டும் பழைய ஜாப் ஒர்க் கணக்காகவே நின்றுவிட்டது. அதாவது ஆர்டர் வந்தது, வேலை ஆரம்பித்தது என்ற கணக்கு. நடுவில் டிசைன், அப்ரூவல் என்று ஒரு கட்டம் நாட்களைச் சாப்பிடுகிறது. அதை யாரும் தன் கட்டமாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் பிளானிங் பார்த்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். 3,000 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரியாக்டர், வெளியே ஜாக்கெட், மேலே உள்ளிருப்பதைக் கலக்கும் அஜிடேட்டர். ஆர்டர் மதிப்பு 24 லட்சம். கஸ்டமரின் பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பி.ஓ. தேதியிலிருந்து 12 வாரத்தில் டெலிவரி என்று ஆஃபரில் எழுதியிருந்தோம். அதில் நான்கு வாரம் ட்ராயிங்குக்கும் அப்ரூவலுக்கும், எட்டு வாரம் வெட்டி வெல்டிங் பண்ணும் ஷாப்புக்கும் என்று மனக்கணக்கு. அது மனக்கணக்காகத்தான் இருந்தது, எந்தப் பேப்பரிலும் இல்லை.

பி.ஓ. வந்தது ஜூன் 3. வண்டி ஏற வேண்டியது ஆகஸ்ட் 26. ஏறியது அக்டோபர் 14. ஏழு வாரம் லேட்.

அந்த வாரம் நடந்த மீட்டிங் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. சேல்ஸ் மேனேஜர், "ஒரு ட்ராயிங் போட பதினெட்டு நாளா சார்? நான் கஸ்டமர்கிட்ட இன்னான்னு சொல்லுவேன்?" என்றார். டிசைன் ஹெட், "எங்க கைக்கு ஆர்டர் வந்ததே பதினொரு நாள் கழிச்சு. வந்ததுலயும் பாதி விவரம் இல்ல. நாங்க மாயம் பண்ணணுமா?" என்றார். இருவர் சொன்னதும் உண்மை. அதனால்தான் அந்தச் சண்டை எத்தனை மீட்டிங் போட்டாலும் முடியவில்லை. ஒருவர் பொய் சொன்னால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

எங்கள் எம்.டி. என்னைக் கூப்பிட்டு, உங்கள் எம்.டி. உங்களிடம் கேட்டதையே கேட்டார். நான் பழைய மாதக் காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, நீளமாக ஒரு கோடு போட்டு, மெயில்களைப் பார்த்துத் தேதிகளை எழுதினேன். வந்தது இதுதான்.

ஜூன் 3 அன்று சேல்ஸுக்கு வந்த பி.ஓ., டிசைனுக்குப் போனது ஜூன் 14. பதினொரு நாள். அட்வான்ஸ் வராமல் வேலை தொடங்கக் கூடாது என்பது கம்பெனி வழக்கம், சேல்ஸ் அட்வான்ஸுக்காகக் காத்திருந்தது. டிசைன் அதைப் படித்து, இன்னின்ன விவரம் இல்லை என்று எழுதியது ஜூன் 18. படிக்கத் தேவைப்பட்டது ஒரு நாள், மூன்று நாள் மேஜையில் கிடந்தது. சேல்ஸ் அந்தக் கேள்விகளைக் கஸ்டமருக்கு அனுப்பியது ஜூன் 23. பதில் வந்தது ஜூலை 2. ரியாக்டரின் மொத்த அமைப்பைக் காட்டும் ஜி.ஏ. ட்ராயிங் தயாரானது ஜூலை 20. அந்தப் பதினெட்டு நாளில் ட்ராயிங் போட்டவர் உண்மையில் அதில் உட்கார்ந்தது நான்கு நாள். சேல்ஸ் வழியாகக் கஸ்டமருக்குப் போனது ஜூலை 22. திருத்தங்களோடு திரும்பியது ஆகஸ்ட் 3. மேன்ஹோலைத் தள்ளி வைக்க வேண்டும், குழாய் இணைக்கும் நாசில் இரண்டு கூடுதலாக வேண்டும். ஒரு நாள் வேலை, முடிந்தது ஆகஸ்ட் 9. அன்றே அனுப்பினார்கள். அப்ரூவல் ஆகஸ்ட் 14.

ஜூன் 3 முதல் ஆகஸ்ட் 14 வரை 72 நாள். மனக்கணக்கில் இதற்கு இருந்தது 28. ஷாப் மீதியை முடித்தது 61 நாளில், அதற்கு இருந்தது 56. ஆக, 49 நாள் தாமதத்தில் ஷாப்பில் போனது ஐந்து நாள். மீதி 44 நாளும் முதல் பிளேட்டை வெட்டுவதற்கு முன்பே போய்விட்டது. கடைசி மாதம் முழுக்க வெல்டர்களை ராத்திரி ஷிஃப்ட் போட்டுப் பிழிந்தோம். அவர்கள் கையில் தாமதமே இல்லை.

அந்த 72 நாளை மறுபடி மூன்றாகப் பிரித்தேன். கஸ்டமர் கையில் இருந்தது 26 நாள். நம் ஆட்கள் உண்மையில் வேலை செய்தது ஆறு நாள். மீதி 40 நாள் நம் கம்பெனிக்குள் ஏதோ ஒரு மேஜையில், யாரும் தொடாமல் கிடந்தது. இந்த 40-ஐச் சேல்ஸ் பங்கு, டிசைன் பங்கு என்று பிரிக்கலாம். சேல்ஸ் பக்கம் 18, டிசைன் பக்கம் 22 வரும். ரிப்போர்ட்டில் அதைப் பிரித்து எழுதாதீர்கள். எழுதினால் அடுத்த ஆறு மாதம் அந்த நாலு நாள் வித்தியாசத்தைத்தான் பேசுவார்கள். கிடந்தது ஏன் கிடந்தது என்பதைத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு கிடப்புக்கும் வேறு வேறு காரணம் இருந்தது.

முதலில் அந்த விடுபட்ட விவரங்கள். பி.ஓ.வில் ஜாக்கெட் பிரஷர் எழுதப்படவில்லை. சேல்ஸ் பையன், "ஒரு நம்பர்தானே சார், அதை அப்புறம் வாங்கிக்கலாம், நீங்க வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதானே" என்றார். நல்ல பையன்தான், மெக்கானிக்கல் படித்தவர்தான், ஆனால் ரியாக்டர் டிசைன் செய்ததில்லை. அவருக்கு இது விளங்க வேண்டுமென்றால் படம் போட்டுத்தான் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது ரியாக்டரின் ஷெல். அதைச் சுற்றி ஜாக்கெட். ஜாக்கெட்டுக்குள் ஸ்டீம் போகிறது. அந்த ஸ்டீம் உள் ஷெல்லை வெளியிலிருந்து அமுக்குகிறது. உள்ளிருந்து வரும் அழுத்தத்தை ஒரு சிலிண்டர் மெல்லிய தகட்டிலேயே தாங்கிவிடும். வெளியிலிருந்து அமுக்கினால் டப்பா நசுங்குவது போல நசுங்கும். அதனால் ஜாக்கெட் உள்ள ரியாக்டரில் உள் ஷெல்லின் தடிப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஜாக்கெட் பிரஷர்தான். உள்ளே வேக்யூம் இழுப்பதாக இருந்தால் அதுவும் இதோடு சேரும். அந்த ஒரு நம்பர் தெரியாமல் 10 மில்லி பிளேட்டா, 14 மில்லி பிளேட்டா என்று சொல்ல முடியாது. சொல்லாமல் பிளேட் ஆர்டர் போட முடியாது, ஷெல்லின் முனையை மூடும் டிஷ் எண்ட் ஆர்டர் போட முடியாது, எடை தெரியாது, லெக் சப்போர்ட் டிசைன் ஆகாது. ஒரு நம்பருக்குப் பின்னால் முழு ரியாக்டரும் நிற்கிறது.

இதை டிசைன் ஹெட் ஒரு முறைகூடச் சேல்ஸுக்கு உட்கார்ந்து விளக்கியதில்லை. "இன்கம்ப்ளீட் ஆர்டர்" என்று மெயில் போட்டு, எம்.டி.க்கு ஒரு காப்பி போட்டார். மெயிலில் எம்.டி.க்குக் காப்பி போக ஆரம்பித்துவிட்டது என்றால் அந்த இரண்டு டிபார்ட்மென்டும் வேலைக்காக எழுதுவதை நிறுத்திவிட்டு, பிற்பாடு காட்டுவதற்காக எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனியில் இந்த வியாதி எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க, கடந்த மாத மெயில்களில் எத்தனை "என் பக்கம் எதுவும் பாக்கி இல்லை" என்ற மாதிரி முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, அந்தப் பதினெட்டு நாளில் நான்கு நாள் மட்டும் வேலை நடந்த கதை. டிசைன் ரூமில் மூன்று பேர். ஜூலை மாதம் அவர்கள் என்ன செய்தார்கள் என்று நாள்வாரியாகக் கேட்டேன். அந்த மாதத்தில் மட்டும் புதிய என்கொயரிகளுக்காகப் பதிமூன்று ஆஃபர் ட்ராயிங் போட்டிருந்தார்கள். கேட்டது யார்? சேல்ஸ். ஒவ்வொன்றும், "நாளைக்குக் காலைல குடுக்கணும், இல்லன்னா ஆர்டர் போயிடும்" என்று கேட்கப்பட்டது. அந்தப் பதிமூன்றில் பிறகு ஆர்டராக வந்தது இரண்டு. சேல்ஸ் கேட்டது நியாயம்தான், ஆஃபர் கொடுக்காமல் ஆர்டர் வராது. டிசைன் போட்டுக் கொடுத்ததும் நியாயம்தான். ஆனால் கையில் இருக்கும் ஆர்டரின் ட்ராயிங்கை ஓரம் தள்ளியது வராத ஆர்டரின் ட்ராயிங். இது சேல்ஸ் தன் கண்ணுக்குத் தெரியாமல் தானே உண்டாக்கிய தாமதம். எந்த வேலை முந்தும் என்பதற்கு விதி இல்லாததால், யார் நேரில் வந்து நிற்கிறாரோ அவர் வேலை முந்தியது. பி.ஓ. கொடுத்த கஸ்டமர் நேரில் வந்து நிற்கவில்லை.

இதற்கு நாங்கள் செய்தது எளிமையானது. மூவரில் ஒருவரை ஆஃபர் ட்ராயிங்குக்கு மட்டும் ஒதுக்கினோம். மாதம் ஒருமுறை ஆள் மாறும். அவர் கைக்கு மிஞ்சி என்கொயரி வந்தால் எதை முதலில் போடுவது என்று சேல்ஸே வரிசை சொல்ல வேண்டும். மற்ற இருவரையும் சேல்ஸ் நேரடியாகக் கூப்பிடக் கூடாது. முதல் மாதம் சேல்ஸ் மேனேஜர் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் வரிசை போட வேண்டிய பொறுப்பு அவருக்கே வந்தபோது, உப்புக்குச் சப்பாணியாகக் கேட்ட என்கொயரிகள் தாமாகக் குறைந்தன. ஏழாவது இடத்தில் இருக்கும் என்கொயரிக்கு ட்ராயிங் தேவையே இல்லை, விலை மட்டும் சொன்னால் போதும் என்பது அவருக்கே தெரிந்தது.

மூன்றாவது, அந்த மேன்ஹோல். ஆகஸ்ட் 3 அன்று வந்த திருத்தத்தை ஏற்றுக்கொண்டது யார் என்று தேடினால் ஒரு மெயிலும் இல்லை. சேல்ஸ் பையன் ஃபோனில் "அதுக்கென்ன சார், பண்ணிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். மேல் டிஷ்ஷில் நடுவே அஜிடேட்டரின் பேட் உட்கார்ந்திருக்கும். மேன்ஹோலை நகர்த்தினால் பக்கத்து நாசில் இடிக்கிறதா, ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் பேட் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். ஒரு நாள் வேலைதான். ஆனால் அந்த ஒரு நாள் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. கூடுதல் நாசிலுக்குப் பணமும் கேட்கவில்லை, நாளும் கேட்கவில்லை. கஸ்டமரிடம் "முடியாது" என்று சொல்லச் சொல்லி நான் சேல்ஸிடம் எதிர்பார்க்கவில்லை. "பண்ணலாம் சார், எத்தனை நாள் கூடும்னு நாளைக்குச் சொல்றேன்" என்று ஒரு வாக்கியம் கூட்டிச் சொன்னால் போதும். அந்த நாளையும் சேர்த்து ஒரு மெயில் போய்விட்டால், தேதி முறைப்படி தள்ளிவிடும்.

இதில் பணமும் இருக்கிறது. பி.ஓ.வில் தாமதத்துக்குப் பணம் பிடிக்கும் எல்.டி. ஷரத்து, வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் ஐந்து சதவீதம். ஏழு வாரத்துக்கு மூன்றரை சதவீதம், 84,000 ரூபாய் பில்லில் பிடித்தார்கள். அந்தத் தாமதத்தில் 26 நாள் அவர்கள் கையிலேயே இருந்தது என்று சொன்னோம். "அப்பவே ஏன் லெட்டர் போடல?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். ஆனால் ஒரு ரியாக்டருக்காக, அடுத்த ஆர்டரும் தரப்போகும் கஸ்டமரோடு யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. தாமதம் நடக்கும்போதே, கோபமில்லாமல், "ட்ராயிங் ஜூலை 22 அன்று அனுப்பினோம், அப்ரூவல் எதிர்பார்க்கிறோம், ஏழு நாளுக்கு மேல் ஆகும் நாட்கள் டெலிவரி தேதியில் கூடும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் பேசிக் குறைத்திருக்கலாம். சேல்ஸ் அந்த வரியை எழுத மாட்டார்கள், கஸ்டமர் முகம் சுளிப்பார் என்று பயம். எங்கள் ஏற்பாட்டில் அதை பிளானிங்கே எழுதத் தொடங்கியது. பிளானிங் ஆளிடமிருந்து வந்தால் அதை யாரும் சண்டையாக எடுத்துக்கொள்வதில்லை, கணக்காகத்தான் பார்க்கிறார்கள். நீங்களும் அதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அடிப்படையான விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். சேல்ஸின் கடிகாரம் பி.ஓ. வந்த அன்று ஓட ஆரம்பிக்கிறது, ஏனென்றால் கஸ்டமரிடம் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டிசைனின் கடிகாரம் முழு விவரமும் கைக்கு வந்த அன்று ஆரம்பிக்கிறது. ஷாப்பின் கடிகாரம் அப்ரூவல் ட்ராயிங்கும் பிளேட்டும் வந்த அன்று. மூன்று பேரும் தன் கடிகாரத்தைப் பார்த்து, தான் கிட்டத்தட்ட நேரத்துக்கு முடித்ததாகவே நம்புகிறார்கள். இதைப் பேசித் தீர்க்க முடியாது. ஆஃபரிலேயே தீர்க்க வேண்டும். "12 வாரம், பி.ஓ. தேதியிலிருந்து" என்பதை எடுத்துவிட்டு, "முழுத் தொழில்நுட்ப விவரமும் அட்வான்ஸும் கிடைத்த தேதியில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று வாரத்துக்குள் ட்ராயிங், ட்ராயிங் அப்ரூவல் ஆன தேதியிலிருந்து எட்டு வாரத்தில் டெலிவரி" என்று இரண்டு துண்டாக எழுதினோம். சேல்ஸ் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டிக் கம்பெனி பி.ஓ.விலிருந்து பத்து வாரம் என்று எழுதும்போது நாம் இப்படி எழுதினால் ஆர்டர் வருமா என்று கேட்டார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. பெரிய கம்பெனிகளின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் அவர்கள் ஃபார்மட்டை விட்டு அசையாது. அவர்களிடம் இது எடுபடவில்லை. நடுத்தரக் கெமிக்கல் கம்பெனிகள் ஒத்துக்கொண்டன. ஒத்துக்கொள்ளாத இடத்திலும் நம் உள் கணக்கை இரண்டு துண்டாகவே வைத்தோம், அதுவே பாதி நோயைக் குறைத்தது.

அடுத்தது பி.ஓ. வந்த இரண்டாம் நாள் மீட்டிங். அட்வான்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும். சேல்ஸ், டிசைன், பர்ச்சேஸ், பிளானிங், நான்கு பேர், ஒரு மேஜை, முக்கால் மணி நேரம். கையில் ஒரே ஒரு தாள். அதில் ஜாக்கெட் பிரஷர், வேக்யூம் உண்டா, உள்ளே என்ன கெமிக்கல், மோட்டார் ஃபிளேம்புரூஃபா, மெக்கானிக்கல் சீலா கிளாண்ட் பேக்கிங்கா, நாசில் பட்டியல், இன்ஸ்பெக்‌ஷன் யார், இப்படி இருபது வரிகூட இருக்காது. காலியாக இருக்கும் கட்டத்துக்குச் சேல்ஸ் அங்கேயே கஸ்டமருக்கு ஃபோன் போட வேண்டும், டிசைன் ஆள் நேரடியாகக் கேட்க வேண்டும். ஜூன் 18-க்கும் ஜூலை 2-க்கும் நடுவில் மெயிலில் பயணம் செய்த கேள்விகளில் பாதி, ஃபோனில் பத்து நிமிடத்தில் தீரக்கூடியவை.

இந்தத் தாளில் ஒரு ஆபத்து உண்டு, கவனியுங்கள். இரண்டே மாதத்தில் டிசைன் இதைக் கேடயமாக்கிக்கொள்ளும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் "ஆர்டர் ரிஜெக்டட்" என்று திருப்பி அனுப்பும். எங்கள் இடத்தில் அப்படியே நடந்தது. அதனால் ஒரு விதி சேர்த்தோம். டிசைன் எந்த ஆர்டரையும் திருப்பக் கூடாது. விவரம் இல்லையென்றால் ஒரு அனுமானத்தை எழுதி, "மோட்டார் ஃபிளேம்புரூஃப் என்று வைத்துக்கொள்கிறோம், ஐந்து நாளில் மறுப்பு வராவிட்டால் இதன்படி போகும்" என்று கஸ்டமருக்கு அனுப்பி வேலையைத் தொடர வேண்டும். ஜாக்கெட் பிரஷர் மாதிரி ஓரிரு விஷயங்களில் மட்டும் அனுமானம் கூடாது, அங்கே நிற்கலாம். எதில் நிற்கலாம், எதில் ஓடலாம் என்று டிசைன் ஹெட்டே பட்டியல் கொடுத்தார். அவர் கொடுத்ததில் நிற்க வேண்டியது நான்குதான் இருந்தது. அதுவரை எல்லாவற்றுக்கும் நின்றுகொண்டிருந்தோம்.

அதே மீட்டிங்கில் பர்ச்சேஸ் ஏன் உட்கார வேண்டும் என்றால், கியர்பாக்ஸும் மெக்கானிக்கல் சீலும் வர ஐந்தாறு வாரம் ஆகும். அஜிடேட்டரின் வேகமும் குதிரைத்திறனும் முடிவானால் இவற்றுக்கு ட்ராயிங் அப்ரூவல் வரை காத்திருக்கத் தேவையில்லை. மேன்ஹோல் எங்கே உட்கார்ந்தால் கியர்பாக்ஸுக்கு என்ன? எங்கள் ரியாக்டரில் ஷாப் ஐந்து நாள் பிந்தியதற்குக் காரணம், ஷெல் தயாராகி ஹைட்ரோ டெஸ்டும் முடிந்து, சீல் வராமல் நின்றதுதான்.

தேதிகளைப் பற்றி இன்னொன்று. சண்டை முற்றிய இடத்தில் இரண்டு பக்கமும் தேதியைத் திரிப்பார்கள். கஸ்டமர் 25-ம் தேதி கேட்டால் சேல்ஸ் உள்ளே 10 என்று சொல்வார்கள். நான்கு நாள் வேலைக்கு டிசைன் பத்து நாள் கேட்பார்கள். கொஞ்ச நாளில் ஒருவர் சொல்லும் தேதியை இன்னொருவர் மனதுக்குள் கூட்டிக் கழித்துத்தான் கேட்பார். அப்போது உண்மையான அவசரம் வந்தாலும் யாருக்கும் நம்பிக்கை வராது. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு ஆர்டரின் டெலிவரி தேதியைச் சேல்ஸ், டிசைன், ஷாப் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று தேதி வந்தால், உங்கள் பிளானிங் ஷீட்டில் இருக்கும் தேதிக்கு அர்த்தமில்லை. நாங்கள் கஸ்டமரின் பி.ஓ. நகலையே, விலையை மட்டும் மறைத்து, டிசைன் ரூமிலும் ஷாப்பிலும் ஒட்டினோம். எல்லோரும் பார்ப்பது ஒரே தேதி.

சேல்ஸ் இன்சென்டிவையும் எம்.டி. தொட வேண்டியிருந்தது. அதுவரை ஆர்டர் புக் ஆனதும் முழுதும் கொடுத்துவிடுவார்கள். பிறகு பாதி புக்கிங்கில், பாதி டிஸ்பாட்ச்சில் என்று மாற்றினார். இதை நீங்கள் ரிப்போர்ட்டில் எழுதினால் சேல்ஸ் உங்களை எதிரியாகப் பார்ப்பார்கள், அதனால் எம்.டி.யிடம் நேரில் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில கம்பெனிகளில் சேல்ஸும் டிசைனும் அடித்துக்கொள்ளும்போது, உண்மையான தாமதம் இருவரிடமும் இருக்காது. இந்த ஆர்டருக்கு வந்த அட்வான்ஸ், போன ஆர்டரின் பிளேட் பாக்கிக்குப் போயிருக்கும். பிளேட் வியாபாரி பழைய பாக்கி வராமல் புது லோடு ஏற்ற மாட்டார். பர்ச்சேஸ் அதை வெளியே சொல்ல முடியாமல், "ட்ராயிங் லேட்டா வந்துச்சு, அதான் பிளேட் லேட்டு" என்று சொல்லும். டிசைன் மேல் பழி விழும். பிளேட்டுக்கு ஆர்டர் போட்ட தேதியையும் ட்ராயிங் ரிலீஸ் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் இரண்டு மூன்று வாரம் இருந்தால், அக்கவுண்ட்ஸில் விசாரியுங்கள். அது பணப் பிரச்சினை என்றால் மேலே சொன்ன எந்த ஏற்பாடும் அதைத் தீர்க்காது. எம்.டி. தனியாக இருக்கும்போது, அந்த இரண்டு தேதிகளை மட்டும் காட்டிவிட்டு அமைதியாக இருங்கள்.

எங்களுக்கு அடுத்து வந்தது 5,000 லிட்டர் ரியாக்டர். தாள், மீட்டிங், ஒதுக்கிய ஆள் எல்லாம் வைத்துச் செய்தோம். பி.ஓ.விலிருந்து அப்ரூவல் வரை 41 நாள் ஆனது. 28-க்குள் வரவில்லை. நம் மேஜைகளில் சும்மா கிடந்தது ஒன்பது நாள். மீதியில் பெரும்பகுதி கஸ்டமர் அப்ரூவலில் போனது, ஆனால் இந்த முறை ஒவ்வொரு வாரமும் லெட்டர் போயிருந்தது. பில்லில் எல்.டி. பிடிக்க வந்தபோது சேல்ஸ் மேனேஜர் என்னிடம் அந்த லெட்டர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கூடவே டிசைன் ஹெட்டையும் கஸ்டமர் ஆபீசுக்குக் கூட்டிப் போனார்.